போன் சண்டை ஓயாத வீடு: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தேனி மாவட்டம் கூடலூர். இங்கிருந்து மலையேறினால் குமுளி, அதைத் தாண்டினால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். இந்த வீட்டில் அம்மா காலை ஆறு மணி ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ச் சாயங்காலம் ஆறே காலுக்குத் திரும்புகிறவர். அப்பா ஜீப் ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு இரவு அவர் மலையிலேயே தங்கிவிடுவார். வீட்டில் அப்பத்தாவும் பத்தாம் வகுப்புப் படிக்கும் பதினைந்து வயது மகனும் இருக்கிறார்கள். ஸ்மார்ட்போன் அம்மா பெயரில் ஒன்று, அப்பாவிடம் ஒன்று. பையனுக்கென்று தனி போன் கிடையாது. வகுப்பு வாட்ஸ்அப் குழு வருவதும் அம்மாவின் போனில்தான்.

குடும்பத்தை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காக, ஒரே மாதிரியான சில வீடுகளின் விவரங்களைச் சேர்த்து இங்கே ஒரு வீடாக எழுதியிருக்கிறது.

ஆலோசனைக்கு வந்தபோது பெற்றோர் சொன்ன குறை இது: "எப்பப் பாத்தாலும் போன்தான். வாங்குனா சண்டை, வாங்கலன்னா படிப்பு போச்சு." அதற்கு முன் மூன்று வழிகளை அவர்கள் பார்த்திருந்தார்கள். அப்பா ஒருமுறை போனைச் சுவரில் அடித்து உடைத்தார். வகுப்புக் குழு இல்லாமல் முடியாது என்பதால் பத்தே நாளில் தவணைக்குப் புது போன் வாங்க வேண்டி வந்தது. அடுத்து, "ஒரு மாசத்துக்கு போன் கிடையாது" என்றார்கள். மூன்றாம் நாளே வீட்டுப்பாடம் பார்க்கக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு ரீசார்ஜை நிறுத்திப் பார்த்தார்கள். பையன் பஸ் ஸ்டாண்டு பக்கம் நண்பனின் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்துவிட்டு எட்டு மணிக்கு வீடு வரத் தொடங்கினான். வீட்டுக்குள் இருந்த தொல்லை தெருவுக்குப் போனதுதான் மிச்சம். மூன்று வழிகளுக்கும் ஒரே ஓட்டைதான். எதையும் சில நாளைக்கு மேல் கடைப்பிடிக்க வீட்டால் முடியவில்லை. அப்பா அம்மா சொல்வது மூன்று நாள் பேச்சு என்று பையனும் கணக்குப் போட்டுக்கொண்டான்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதி வைத்தது

முதல் ஏழு நாளும் எந்த விதியும் போடவில்லை. பெற்றோருக்குக் கொடுத்த வேலை இரண்டுதான். சண்டை வந்தால் தினசரி நாட்காட்டித் தாளில் எத்தனை மணிக்கு, எதைச் சொன்னதும் வந்தது, சண்டை முடிந்தபோது போன் யார் கையில் இருந்தது என்ற மூன்றையும் எழுத வேண்டும். வாரக் கடைசியில் போனின் அமைப்புகளில் உள்ள Digital Wellbeing & parental controls பக்கத்தைத் திறந்து, எந்தச் செயலி எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று பார்க்க வேண்டும். "நாள் பூரா பாக்குறான்" என்பதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. எந்த ஒரு மணி நேரத்தைத் தொட வேண்டும் என்று தெரிய வேண்டும்.

பள்ளி நாட்களின் சராசரி 5 மணி 40 நிமிடம். அது மூன்று துண்டாகக் கிடந்தது. பள்ளி விட்டு வந்ததிலிருந்து அம்மா வரும்வரை 1 மணி 20 நிமிடம். ஏழிலிருந்து பத்தரைக்குள் ஏறத்தாழ 3 மணி நேரம். மூன்றாவது துண்டு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து ஒன்று இருபது வரை. இந்தக் கடைசித் துண்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வரைபடம் வெறுமையாக இருந்தது. காரணம் எளிது. நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக், ரீல்ஸும் யூடியூப்பும் பார்த்ததில் பத்தரைக்குத் தீர்ந்துவிடுகிறது. பன்னிரண்டு அடித்ததும் மறுநாள் ஜிபி வந்து விழுகிறது. பையன் அதற்காக விழித்துக் கிடந்திருக்கிறான்.

போன் அவன் கைக்கு எப்படிப் போனது? அம்மா நாலரைக்கு எழ வேண்டும். அலாரம் போனில்தான் இருக்கிறது. அதனால் போன் அவர் தலையணை ஓரத்திலேயே கிடக்கும். நாள் முழுதும் காய் எடுத்த அசதியில் பத்து மணிக்கே அவர் தூங்கிவிடுவார். கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

இனி சண்டைக் கணக்கு. ஏழு நாளில் பதினொரு சண்டை. ஏழு சண்டை இரவு ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவே வந்தவை. மூன்று காலையில் எழுப்பும்போது. ஒன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு. இரவுச் சண்டை ஏழில் ஆறு முடிந்தபோது போன் பையன் கையிலேயே இருந்தது. அதன்பின் இருபதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம்வரை அவன் பார்த்திருக்கிறான். ஏழாவதில் அப்பா பிடுங்கினார். அந்த வாரத்தில் மோசமான சண்டை அதுதான்.

சண்டை யாருக்கு என்ன தருகிறது

இந்த ஆய்வின் மையம் இதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் பிள்ளைகளின் முரட்டுத்தனத்தைப் பல ஆண்டுகள் வீடுகளிலேயே கவனித்து ஒரு சுழற்சியை விளக்கினார். பெற்றோர் ஒன்று சொல்கிறார், பிள்ளை எகிறுகிறது, பெற்றோர் விட்டுக்கொடுக்கிறார், உடனே வீடு அமைதியாகிறது. அந்த அமைதி பெற்றோருக்குப் பரிசு. கேட்டது கிடைத்தது பிள்ளைக்குப் பரிசு. இரண்டு பக்கமும் பரிசு கிடைப்பதால் மறுநாள் அதே நாடகம் இன்னும் சீக்கிரமாகவும் இன்னும் சத்தமாகவும் தொடங்கும்.

கூடலூர் வீட்டில் இது அச்சு அசலாக நடந்தது. அம்மாவுக்குப் பத்து மணிக்குத் தூங்கியாக வேண்டும். கத்திக்கொண்டிருக்கத் தெம்பில்லை. "என்னமோ பண்ணு போ" என்று படுத்துவிடுவார். பையனுக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆக, சண்டை அவனுக்குக் கூடுதல் நேரம் வாங்கித் தரும் வழியாகிவிட்டது. அவன் திட்டம் போட்டுச் செய்கிறான் என்பதில்லை. பலன் கிடைக்கிற செயல் தானாகவே நிலைத்துவிடும். அம்மாவிடம் குற்றம் காணவும் இதில் ஒன்றுமில்லை. நாலரைக்கு எழுகிற யாரும் அதைத்தான் செய்வார்கள்.

இன்னொரு விவரமும் தாளில் தெரிந்தது. ஏழு இரவுச் சண்டையில் ஐந்து, ஆட்டத்தின் நடுவில் "வைடா" என்றதும் வந்தவை. பையன் ஆடுவது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், நாலு பேர் கொண்ட குழுவாக. ஓர் ஆட்டம் பத்துப் பதினைந்து நிமிடம் போகும். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவரும் ஆள் குறைந்து மாட்டிக்கொள்வார்கள், தரவரிசைப் புள்ளியும் போகும். குமுளியில் இருக்கும் சித்தப்பா மகனும் அவன் கூட்டாளிகளும்தான் அந்த மூவர். அவர்கள் முன்னால் அவமானப்படுவது பதினைந்து வயதுக்குப் பெரிய விஷயம். அம்மாவின் கண்ணுக்கு அது "ஒரு பட்டனை அமுக்குற வேலை". அவனுக்கோ கபடியில் பாதி ஆட்டத்தில் களத்தைவிட்டு இழுத்துப் போவது போல.

காலைச் சண்டை மூன்றும் தனிக் கதை அல்ல. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒன்றரைக்குப் படுத்தவனை ஆறரைக்கு எழுப்பினால் ஐந்து மணி நேரம்தான். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகும் என்பதும் உண்மை. ஆகவே ஒன்பது மணிக்கே "படு" என்றால் படுத்துப் புரளுவான், தூக்கம் வராது. பத்தேகால் என்பது கைக்கு எட்டும் இலக்கு.

முதலில் பெரியவர்கள் மட்டும், பிறகு பையனோடு

அடுத்த ஞாயிறு காலை பையன் கிரிக்கெட் ஆடப் போனபின் அப்பா, அம்மா, அப்பத்தா மூவரும் உட்கார்ந்தார்கள். பேச்சுக்கே இடமில்லாதவை என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை எந்த ஸ்மார்ட்போனும் படுக்கும் இடத்தில் இருக்காது. சோறு உண்ணும்போது யார் கையிலும் போன் இருக்காது. மற்ற எல்லாமே அவனோடு பேசி முடிவு செய்வது. வழக்கமாகப் பெற்றோர் பன்னிரண்டு விதி எழுதி வருவார்கள். பன்னிரண்டையும் காவல் காக்க யாராலும் முடியாது. காக்க முடியாத விதி ஒன்று இருந்தாலும் மற்றவற்றின் மதிப்பும் அதோடு போய்விடும்.

பையனோடு பேசியது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இருபது நிமிடம். சண்டை நடந்த சூட்டில் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. முதல் கேள்வியை அப்பா கேட்டார்: "தம்பி, போன்ல எது போனா உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்?" பதில் வர நேரமானது. "எட்டு மணிக்கு அவனுங்க வருவானுங்க. அது மட்டும் வேணும்." ரீல்ஸ் போனால் பரவாயில்லை, பன்னிரண்டு மணிக்கு எழுவது தனக்கே பிடிக்கவில்லை என்றும் சொன்னான். அந்த எட்டு மணியைக் காப்பாற்றிக் கொடுத்ததால்தான் மற்றதெல்லாம் ஓடியது. அவனுக்கு எது முக்கியம் என்று தெரியாமல் எல்லாவற்றிலும் பாதியைக் குறைத்திருந்தால், எட்டு மணி ஆட்டமும் பாதியாகி, முதல் இரவே முறிந்திருக்கும்.

ஒப்புக்கொண்டது இது. பள்ளி விட்டு வந்ததும் முக்கால் மணி நேரம். ஏழுக்கு வகுப்புக் குழுவில் வந்த வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டு போனைத் திரும்ப வைப்பது. "படிக்கத்தான் பாக்குறேன்" என்ற பேச்சுக்கு அதன்பின் வேலையில்லை. ஏழே முக்காலிலிருந்து ஒன்பதே முக்கால்வரை ஆட்டம். ஒன்பது இருபதுக்குமேல் புது ஆட்டம் தொடங்கக் கூடாது. தொடங்கியது எப்போது முடிகிறதோ அப்போது போன் சுவர் மாடத்துக்கு வரும். கூட்டிப் பார்த்தால் 2 மணி 45 நிமிடம். இரண்டு வாரம் இப்படிப் போனபின் முடிவை அரை மணி முன்னால் இழுப்பது, அதாவது எட்டு ஐம்பதுக்குக் கடைசி ஆட்டம், ஒன்பதே காலுக்கு மாடம். சனி ஞாயிறுக்கு நாலு மணி நேரம்.

கடிகாரத்துக்குப் பதிலாகக் கடைசி ஆட்டத்தைக் கணக்காக வைத்தது சின்ன மாற்றம். ஐந்து சண்டைக்குக் காரணமான இடம் அதிலேயே அடைபட்டது.

அதே நாள் கம்பத்தில் ஒரு மேசை அலாரக் கடிகாரம் வாங்கினார்கள். வீட்டில் பழைய பட்டன் போன் ஒன்று இருந்தது. இரவில் மலையிலிருந்து அப்பா கூப்பிட்டால் அதில் எடுத்துக்கொள்ளலாம். ஆக, ஸ்மார்ட்போன் அம்மாவின் தலைமாட்டில் இருக்க வேண்டிய இரண்டு காரணமும் போயிற்று. பத்து மணிக்கு மாடத்திலிருந்து எடுத்து, அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டுவது. அப்பா வீட்டில் இருக்கும் இரவுகளில் அவர் போனும் அதனுள்ளே போகும். இதற்கு அவர் முதலில் தயங்கினார். "அப்பா மட்டும் படுத்துக்கிட்டுப் பாக்கலாமா?" என்று பையன் கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

பூட்டும் செயலிகளைக் கடைசியாகவே எடுத்தார்கள். இங்கே போனும் கணக்கும் அம்மாவுடையவை. Family Link பிள்ளைக்கெனத் தனிக் கணக்கு இருந்தால்தான் வேலை செய்யும். Digital Wellbeing-இல் செயலிக்கு நேரம் குறித்து வைக்கலாம். ஆனால் திரைப் பூட்டின் எண் தெரிந்தவன் அதே இடத்துக்குப் போய் எடுத்தும்விடுவான். எல்லாரும் எடுக்கிற போனில் அது நினைவூட்டும், தடுக்காது. உடனே செய்தது வேறொன்று. யூபிஐ பின்னாக அம்மா பிறந்த ஆண்டே இருந்தது. அதை மாற்றி, பிளே ஸ்டோரில் எது வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்தார்கள். ஆட்டத்துக்குள் 'டைமண்ட்' வாங்கும் ஆசையை இந்த வயதில் பேச்சால் மட்டும் அடக்க முடியாது.

இரவு ஒன்பது இருபதுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: "ஒம்பது இருவதாச்சு, இதான் கடைசி ஆட்டம்." ஒரு முறை சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட வேண்டும். பக்கத்தில் நிற்கக் கூடாது. "நேத்தும் இப்படித்தான்" என்று தொடரக் கூடாது. அவன் முனகினால் பதில் சொல்லக் கூடாது. அம்மாவுக்கு ஆகக் கடினமாக இருந்தது இதுதான். நின்று பார்ப்பதையே சண்டைக்கான அழைப்பாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கும் மாடத்துக்கு வராவிட்டால் மறுநாள் ஆட்டம் ஏழே முக்காலுக்குப் பதிலாக எட்டே காலுக்குத் தொடங்கும். அதை இரவில் சொல்வதில்லை. மறுநாள் சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதும்போது சொல்வது. அரை மணி நேரம் என்பது சின்னதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் நிறைவேற்றக்கூடியது. மறுநாளே தீர்ந்தும்விடும். ஒரு மாதத் தடை என்று போட்டால் இரண்டாம் நாளிலிருந்து அவனுக்கு இழக்க ஒன்றுமிருக்காது.

தடுமாறிய இடங்கள்

திட்டம் தொடங்கிய முதல் வாரம் சண்டை குறையவில்லை. பதினொன்று பதிமூன்றாக ஏறியது. நான்காம் இரவு தட்டைத் தள்ளிவிட்டான். "ஸ்கூலுக்கே போகல" என்றான். இது வரும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் பெற்றோர் பயந்து பின்வாங்கவில்லை. இதுவரை பலித்த வழி பலிக்காதபோது, கைவிடும் முன் அதையே இன்னும் பலமாக முயல்வது மனித இயல்பு. தொடக்க நாட்களில் அதை எதிர்பார்க்கலாம். பல வீடுகளில் திட்டம் செத்துப்போவது இந்த நாட்களில்தான். நடக்கத் தொடங்கியதையே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஐந்தாம் இரவு அப்பா மலையில். அம்மா தூங்கியபின் பையன் அப்பத்தாவிடம் போயிருக்கிறான். பீரோச் சாவி அவர் முந்தானையில் இருந்தது. "ஏய்யா, அழுவாத, கொஞ்ச நேரம் பாத்துட்டு வச்சிரு" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு விட்டுக்கொடுத்தலின் விலை அதிகம். என்றைக்காவது கிடைக்கும் என்று தெரிந்தால் தினமும் கேட்கத் தோன்றும். எப்போதும் கிடைத்துவந்த பழக்கத்தைவிட எப்போதாவது கிடைக்கும் பழக்கம் விடுபட நெடுநாள் எடுக்கும். மறுநாள் அப்பத்தாவை யாரும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் பேரன் பக்கம் சாய்ந்திருப்பார். சாவி அம்மாவிடம் போயிற்று. அப்பத்தாவுக்கு வேறு பொறுப்பு வந்தது: பத்து மணிக்குப் பையனுக்குச் சூடாக ஒரு தம்ளர் பால்.

இரண்டாம் வாரம் ஆட்டம் முடிகிற நேரத்தில் ஏமாற்று நடந்தது. ஒன்பது பதினெட்டுக்கு ஒன்று தொடங்கி, அது சீக்கிரம் முடிந்ததும் இன்னொன்று. "கடைசி ஆட்டம்" என்பதற்குப் பொருள் என்னவென்று அவனிடமே கேட்டு, ஒன்பது இருபதுக்கு ஓடிக்கொண்டிருப்பது எதுவோ அதுவே கடைசி என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். குற்றச்சாட்டு எதுவும் எழவில்லை.

சாயங்கால நேரம் மட்டும் நெடுநாள் வசப்படவில்லை. நாலே முக்காலிலிருந்து ஆறே கால்வரை வீட்டில் அப்பத்தா மட்டும். முக்கால் மணி நேரம் என்று எழுதியது ஒன்றே காலாகவே இருந்தது. அபாகஸ், கீபோர்டு வகுப்பு என்று பெற்றோர் யோசித்தார்கள். அவன் கேட்டதோ பள்ளி மைதானத்தில் வாலிபால். பள்ளி ஐந்தரைவரை மைதானத்தைத் திறந்து வைத்திருந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து அங்கே நின்று ஆடிவிட்டு, சைக்கிளில் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தான். போன் வீட்டில், அவன் வெளியில். காவலே தேவைப்படவில்லை.

எண்ணிக்கை இப்படிப் போனது. இரண்டாம் வாரம் எட்டுச் சண்டை, நான்காம் வாரம் மூன்று, எட்டாம் வாரம் இரண்டு. பள்ளி நாள் பயன்பாடு எட்டாம் வாரத்தில் 2 மணி 20 நிமிடம். நள்ளிரவுத் துண்டு சாவி மாறிய இரவோடு நின்றது. காலைச் சண்டைக்கென்று யாரும் எதுவும் செய்யவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் அது தானாகவே மறைந்தது. மதிப்பெண் ஏறியதா என்று எட்டு வாரத்தில் சொல்ல முடியாது.

எங்கே இது போதாது

இந்த முறை, போன் நேரமும் சண்டையும் ஒன்றையொன்று வளர்க்கும் வீட்டுக்கானது. ஆட்டத்தை அவனாலேயே நிறுத்த முடியவில்லை, சாப்பாடு நட்பு குளியல் எல்லாவற்றுக்கும் முன்னால் அதுவே நிற்கிறது, கேடு கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்கிறது, ஓராண்டு அளவில் இப்படியே போகிறது என்றால் அது உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கும் ஆட்டக் கோளாறாக இருக்கலாம். அதை மனநல மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

போன் கைக்கு வருமுன்பே பிள்ளை ஒடுங்கிப்போயிருந்தால், பள்ளிக்குப் போக மறுத்திருந்தால், போனைக் குறைப்பதால் அது தீராது. அவன் ஒதுங்கிக்கொண்ட இடம் அது. எதிலிருந்து ஒதுங்கினான் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பெண் பிள்ளை இரவில் ஒளித்துப் பேசுகிறாள், போன் ஒலித்தாலே முகம் வெளுக்கிறது என்றால் யாரோ மிரட்டுகிறார்களா என்று அதட்டாமல் கேட்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. "போனைப் புடுங்கினா செத்துருவேன்" என்ற பேச்சை மிரட்டல் என்று ஒதுக்கவும் கூடாது, அதற்குப் பயந்து போனைக் கொடுத்தும் விடக் கூடாது. அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாமல், பூச்சி மருந்து மாத்திரைகளைக் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், கட்டணமில்லை.

கூடலூர் வீட்டில் அது தேவைப்படவில்லை. பத்தாம் வாரம் திருப்புதல் தேர்வு வந்தபோது, ஆட்டத்தை எட்டு மணியிலிருந்து ஒன்பதுவரை என்று குறைத்துக்கொள்கிறேன் என்று அவனே கேட்டு வந்தான். பதிலுக்கு, தேர்வு முடிகிற வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றுவரை வேண்டுமென்றான். அப்பா பத்தரை என்றார். இருவரும் பத்தே முக்காலில் முடித்துக்கொண்டு நோட்டில் எழுதினார்கள்.